வெட்டி ஒட்டியது தெரியாமல்

"தம்பி, அம்மா படம் வெட்டி ஒட்டின மாதிரியே இருக்கு. வீட்ல யாருக்கும் மாட்ட மனசு வரலை."

சட்டம் போட்ட படத்தைத் துணிப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார் அவர். அம்மாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு இன்னும் ஒரு வாரம் இருந்தது. பேரன் கல்யாணத்தில் எடுத்த குடும்பப் படத்திலிருந்து அம்மாவை மட்டும் பிரித்து, கருநீலப் பின்னணியில் வைத்து, வேறொரு கடையில் அச்சிட்டிருந்தார்கள். முகம் தெளிவாகத்தான் இருந்தது. ஆனால் அரக்குப் புடவையின் தோளைச் சுற்றி நூல் ஒட்டியதுபோல வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. முழங்கைப் பக்கம் ஓரம் மேடும் பள்ளமுமாக இருந்தது. தலைமுடியோ தலைக்கவசம் போட்டது மாதிரி ஒரே வளைவாக வெட்டப்பட்டிருந்தது. காதோரம் தொங்கிய ஜிமிக்கியில் பாதியைக் காணவில்லை.

பத்திரிகை அட்டையும் கல்யாண ஆல்பமும் நினைவஞ்சலிப் படமும் செய்கிற என்னைப் போன்றவர்களுக்கு இந்த நான்கு குறைகளும் நான்கு வெவ்வேறு காரணங்களைச் சொல்லும். பலர் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்தாக 'ஃபெதர்' போடுகிறார்கள். ஓரத்தை மங்கலாக்கினால் சரியாகிவிடும் என்று எண்ணம். அந்த நீலப் படத்திலும் அதைத்தான் செய்திருந்தார்கள். வெள்ளைக் கோடு மறையாமல், இன்னும் அகலமாகியிருந்தது. ஏன் அப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஒரு படத்தில் ஆளைச் சுற்றித் தேர்வு செய்யும்போது திரையில் எறும்பு வரிசை போல ஒரு கோடு ஓடுகிறதல்லவா? கோட்டுக்கு உள்ளே இருப்பது எடுக்கப்படும், வெளியே இருப்பது விடப்படும் என்று தோன்றும். உண்மையில் அது அப்படியில்லை. கணினி ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பெண் போடுகிறது. 255 என்றால் முழுதாக எடு. 0 என்றால் விட்டுவிடு. 128 என்றால் பாதி எடு, அதாவது பின்னணி பாதி தெரியும்படி வை. பாதியைத் தாண்டிய பிக்சல்களைச் சுற்றித்தான் எறும்புகள் ஓடும். அதனால் ஓரம் எவ்வளவு மென்மையாக இருக்கிறது என்பதை அந்தக் கோடு காட்டவே காட்டாது. போட்டோஷாப்பில் `Q` விசையை அழுத்தினால் விடப்படும் இடமெல்லாம் சிவப்புத் திரையால் மூடி, ஓரத்தில் சிவப்பு எப்படிக் கரைகிறது என்பது தெரியும். கிம்ப் மென்பொருளில் அதே வேலைக்கு `Shift+Q`. நான் எறும்புகளை நம்புவதில்லை. இந்தச் சிவப்பைப் பார்த்துத்தான் வேலை செய்கிறேன்.

இப்படிப் பாதி தெரிவது, கால்வாசி தெரிவது என்பதையெல்லாம் எண்ணாகச் சேமித்து வைக்கும் முறையை 1970-களின் இறுதியில் நியூயார்க் தொழில்நுட்பக் கழகத்தில் ஆல்வி ரே ஸ்மித்தும் எட் கேட்மலும் உருவாக்கினார்கள். இன்று கைப்பேசியில் ஒட்டும் ஸ்டிக்கர்வரை அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது.

ஓரம் ஏன் படிக்கட்டாகிறது என்று பார்ப்போம். ஒரு வரிசையில் ஆறு பிக்சல்களின் மதிப்பெண் 0, 0, 0, 255, 255, 255 என்று இருந்தால் இடையில் சுவர் எழுப்பியது மாதிரி. சாய்வான தோளில் இந்தச் சுவர் ஒவ்வொரு வரிசையிலும் ஒரு கட்டம் நகர்ந்து நகர்ந்து படியாகிவிடும். ஒவ்வொரு பிக்சலுக்கும் அதன் இருபக்க அண்டை வீட்டாரோடு சேர்த்துச் சராசரி போட்டால் அதே வரிசை 0, 0, 85, 170, 255, 255 என்றாகும். சுவர் இருந்த இடத்தில் சிறு சரிவு வந்துவிட்டது. ஃபெதர் செய்வது இதைத்தான். இன்னும் நயமான கணக்கில், இன்னும் பல அண்டை வீடுகளைச் சேர்த்துக்கொண்டு செய்கிறது.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். சரிவு உள்பக்கம் மட்டும் இறங்கவில்லை, வெளிப்பக்கமும் பரவியிருக்கிறது. முன்பு 0 வாங்கிய பிக்சல் இப்போது 85 வாங்கியிருக்கிறது. அந்தப் பிக்சலில் இருப்பது என்ன? அம்மாவின் புடவை இல்லை, கல்யாண மண்டபத்தின் வெள்ளைச் சுவர். நாம் விட்டுவிட்டு வர நினைத்த சுவரில் மூன்றில் ஒரு பங்கைக் கூடவே அழைத்து வந்துவிட்டோம்.

இதற்கும் மேலே ஒன்று உண்டு. புடவையும் சுவரும் சந்திக்கும் இடத்தில் கேமராவே இரண்டையும் ஒரே பிக்சலில் கலந்துதான் பதிவு செய்கிறது. வெளிச்சத்தை எண்ணாக்கிச் சொல்கிறேன். சுவர் 240, அரக்குப் புடவை 80, புதிய கருநீலம் 30 என்று வையுங்கள். ஓரத்துப் பிக்சலில் பாதி புடவை, பாதி சுவர் என்றால் அதன் மதிப்பு 160. அதற்குச் சரியாகப் பாதி மதிப்பெண் கொடுத்து நீலத்தின்மேல் வைத்தால், 160-இல் பாதி 80, 30-இல் பாதி 15, மொத்தம் 95. ஆனால் அம்மா நிஜமாகவே அந்த நீலத்துக்கு முன்னால் உட்கார்ந்திருந்தால் அந்தப் பிக்சல் 80-இல் பாதியும் 30-இல் பாதியும் சேர்ந்து 55-ஆகத்தான் இருந்திருக்கும். 95 என்பது புடவையைவிடவும் நீலத்தைவிடவும் வெளிச்சமானது. இரண்டு இருட்டுக்கு நடுவே ஒரு வெளிச்சம்: அதுதான் தோளைச் சுற்றி ஓடிய வெள்ளைக் கோடு. தேர்வு துல்லியமாக இருந்தாலும் இந்தக் கோடு வரும். ஃபெதரைக் கூட்டக் கூட்ட அகலமாகும்.

ஆகவே மென்மையாக்குவதற்கு முன்னால் ஓரத்தைக் கொஞ்சம் உள்ளே இழுக்க வேண்டும். கலப்படமான பிக்சல்களை விட்டுவிட்டு, சுத்தமான புடவை தொடங்கும் இடத்தில் கோட்டை வைத்து, பிறகு மென்மையாக்க வேண்டும். அப்போது பாதி மதிப்பெண் வாங்கும் பிக்சலில் 80 என்ற சுத்தப் புடவையே இருக்கும். நீலத்தின்மேல் வைத்தால் சரியாக 55 கிடைக்கும். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு அச்சுப் படங்களை பிளேடால் வெட்டி ஒட்டியவர்கள், வெட்டிய ஓரத்தின் பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து மெலிதாக்கிவிட்டுத்தான் ஒட்டுவார்கள். தாளின் தடிமன் நிழல் விழாமல் இருக்கத்தான் அந்தத் தேய்ப்பு. நாம் செய்வதும் அந்த வேலையைத்தான்.

இனி அந்த அம்மாவின் படத்துக்கு வருகிறேன்.

முதலில் மூலப்படத்தைக் கேட்டேன். முந்தைய கடைக்கு அவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தது 1600-க்கு 1200 பிக்சல் அளவுக்குச் சுருங்கிய படம். அதில் அம்மாவின் உருவம் 600 பிக்சல் உயரம்தான். மருமகளின் கைப்பேசியில் 4000-க்கு 3000 அளவில் மூலப்படம் அப்படியே இருந்தது. அதில் அதே உருவம் 1500 பிக்சல். சட்டத்துக்குள் அம்மா 10 அங்குல உயரம் வர வேண்டும். சின்னப் படத்தில் ஓர் அங்குலத்துக்கு 60 பிக்சல், பெரியதில் 150.

ஃபெதர் எண்ணுக்கு அர்த்தம் கொடுப்பதே இந்தக் கணக்குதான். போட்டோஷாப்பில் 5 என்று போட்டால் கண்ணுக்குத் தெரியும் கரைசல் உள்ளும் வெளியுமாகச் சேர்த்து ஏறத்தாழ 20 பிக்சலுக்குப் பரவும். சின்னப் படத்தில் அது அச்சில் 8 மில்லிமீட்டருக்கு மேல் வரும். தோளைச் சுற்றிப் பஞ்சு வைத்த மாதிரி இருக்கும். பெரிய படத்தில் அதே 5, மூன்றரை மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடும். அதனால் "ஃபெதர் எவ்வளவு வைக்கணும்?" என்று யாராவது கேட்டால், படம் எத்தனை பிக்சல், எவ்வளவு பெரிதாக அச்சாகப் போகிறது என்று நான் திருப்பிக் கேட்பேன். கிம்பில் அதே எண்ணைப் போட்டால் போட்டோஷாப் அளவுக்கு மென்மை வராது என்பதும் நினைவிருக்கட்டும்.

எண்ணை எங்கிருந்து எடுப்பது? படத்திலிருந்தேதான். 200 சதவீதத்துக்குப் பெரிதாக்கி, வெட்டுவதற்கு முன் அந்த ஓரம் இயல்பாகவே எத்தனை பிக்சலில் கரைகிறது என்று பார்த்தேன். கன்னமும் முன்தோளும் இரண்டு மூன்று பிக்சலில் சட்டென முடிந்தன. ஃபோகஸிலிருந்து சற்றே விலகிப் பின்னால் போன வலது முழங்கை ஆறேழு பிக்சலுக்குக் கரைந்திருந்தது. நாம் உண்டாக்கும் மென்மை இதற்குச் சமமாக இருக்க வேண்டும். கண்ணும் மூக்கும் கூர்மையாக இருக்க, கன்னத்தின் ஓரம் மட்டும் புகைபோல இருந்தால் பார்ப்பவருக்குக் காரணம் சொல்லத் தெரியாது. ஏதோ சரியில்லை என்று மனசு மட்டும் சொல்லும். சுற்றிலும் ஒரே ஃபெதர் போட்ட படங்கள் பொய்யாகத் தெரிவது இதனால்தான்.

உடம்பையும் புடவையையும் பென் டூலால் வளைவு வளைவாக வரைந்து எடுத்தேன். நேரம் பிடிக்கும் வேலைதான், ஆனால் வளைவிலிருந்து வரும் ஓரத்தில் மேடுபள்ளமே இருக்காது. மடியும் கைகளும் இருந்த சிக்கலான பகுதியை குவிக் செலக்‌ஷனால் எடுத்தேன்; அது வேகமானது, ஆனால் நிறத்தைப் பார்த்துத் தாவித் தாவிப் போவதால் ஐந்தாறு பிக்சலுக்கு ஓரம் அலையும். இந்தப் படத்தில் அது அச்சில் ஒரு மில்லிமீட்டர் அலைச்சல். முதல் படத்தின் முழங்கையில் தெரிந்த மேடுபள்ளம் இதுதான்.

இதை ஃபெதரால் தீர்க்க முடியாது. மேடுபள்ளம் மங்கலான மேடுபள்ளமாகத்தான் மாறும். இதற்கு வேண்டியது 'ஸ்மூத்'. `Select` மெனுவில் `Modify`, அதற்குள் `Smooth` இருக்கிறது. அது ஒருவகையில் ஓட்டெடுப்பு. ஒவ்வொரு பிக்சலைச் சுற்றியும் குறிப்பிட்ட தூரத்துக்குள் இருப்பவர்களில் பெரும்பான்மை உள்ளே இருந்தால் அதுவும் உள்ளே. பெரும்பான்மை வெளியே இருந்தால் அதுவும் வெளியே. துருத்திக்கொண்டிருக்கும் மேடு தனியாக நிற்பதால் தோற்றுப்போகும், பள்ளம் நிரம்பிவிடும். ஓரமோ மங்காமல் கூர்மையாகவே இருக்கும்.

இந்த ஓட்டெடுப்பில் ஓர் அநியாயம் உண்டு. மெலிந்தது எதுவானாலும் தோற்றுவிடும். நாலு பிக்சல் அகலமுள்ள சங்கிலியைச் சுற்றி எங்கு பார்த்தாலும் சுவர்தான் பெரும்பான்மை. காதிலிருந்து வெளியே தொங்கும் ஜிமிக்கி, கூந்தலில் வைத்த மல்லிகைச் சரத்தின் மொட்டு நுனிகள், விரல் நுனி எல்லாம் இப்படித்தான் போகும். புடவை மடிப்பின் கூரான முனைகூட மழுங்கிவிடும். முதல் படத்தில் ஜிமிக்கி பாதியானது இப்படித்தான் என்று நினைக்கிறேன். ஆகவே முழுப் படத்துக்கும் ஸ்மூத் போடாதீர்கள். தேர்வை லேயர் மாஸ்க்காக மாற்றிக்கொண்டு, மாஸ்க்கின்மேல் அலையும் பகுதியை மட்டும் லாசோவால் வளைத்து, `Filter` மெனுவில் `Noise`, அதற்குள் `Median` கொடுத்தால் அதே ஓட்டெடுப்பு அந்த இடத்தில் மட்டும் நடக்கும். மடிப் பகுதிக்கு நான் 4 பிக்சல் கொடுத்தேன். ஜிமிக்கியையும் பூவையும் தொடவில்லை.

கிம்பில் `Smooth` என்ற பெயரில் கட்டளை தேடி அலைய வேண்டாம். `Shift+Q` போட்டு, அந்தச் சிவப்புத் திரையைக் காசியன் பிளரால் 4 பிக்சல் அளவுக்கு மங்கலாக்குங்கள். பிறகு லெவல்ஸைத் திறந்து கறுப்பு, வெள்ளை முக்கோணங்களை நடுவை நோக்கி நெருக்கிக் கொண்டுவாருங்கள். மங்கல் மேடுகளைக் கரைக்கும். லெவல்ஸ் ஓரத்தைத் திரும்பவும் கூர்மையாக்கும். இரண்டு முக்கோணங்களையும் சேர்த்து ஒரு பக்கமாக நகர்த்தினால் ஓரமே உள்ளேயோ வெளியேயோ நகரும். ஒரே கருவியில் மூன்று வேலையும் முடிகிறது. போட்டோஷாப்பிலும் மாஸ்க்கின்மேல் இதைச் செய்யலாம். மென்பொருள் எதுவானாலும் எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான்.

அடுத்து உள்ளே இழுப்பது. தேர்வை முதலில் 1 பிக்சல் சுருக்கிப் பார்த்தேன். தோளில் கோடு மங்கலாக மிச்சமிருந்தது. 2 பிக்சல் சுருக்கியதும் போய்விட்டது. போட்டோஷாப்பில் `Contract`, கிம்பில் `Shrink`. அதன்பிறகுதான் ஃபெதர்: முன்பக்கம் முழுக்க 0.8 பிக்சல். கரைந்திருந்த வலது முழங்கையில் மட்டும் மாஸ்க்கை பிளர் டூலால் தடவித் தடவி இன்னும் மென்மையாக்கினேன். வரிசை முக்கியம்: முதலில் ஸ்மூத், பிறகு சுருக்கல், கடைசியில் ஃபெதர். ஃபெதரை முதலில் போட்டுவிட்டு ஸ்மூத் செய்தால், போட்ட மென்மையையே அந்த ஓட்டெடுப்பு கலைத்துவிடக்கூடும்.

திரையில் நன்றாக இருக்கிறது என்று அதோடு நிறுத்திவிடக் கூடாது. லேயருக்குக் கீழே முழுக் கறுப்பு நிரப்பிப் பார்த்தேன், பிறகு முழு வெள்ளை, பிறகு பளிச்சென்ற பச்சை. கறுப்பில் வெளிர் மிச்சங்கள் மாட்டிக்கொள்ளும். வெள்ளையில் இருண்ட பிசிறுகள் தெரியும். பச்சையில் மாஸ்க்கில் விட்டுப்போன ஓட்டைகள் தெரியும். 100 சதவீத அளவில் ஓரம் முழுவதையும் ஒருமுறை சுற்றிவர பத்து நிமிடம் ஆகும். அந்தப் பத்து நிமிடத்தை நான் ஒருநாளும் மிச்சம் பிடித்ததில்லை.

மிஞ்சியது தலைமுடி. முடிக்கு ஃபெதர் பொருந்தவே பொருந்தாது. முடியின் ஓரம் என்பது ஒரு கோடு அல்ல. நூற்றுக்கணக்கான இழைகள், இடையிடையே சுவர். ஃபெதர் போட்டால் இழையும் சுவரும் சேர்ந்து ஒரு மூட்டமாகும். `Select and Mask` அறைக்குள் போய், ரிஃபைன் எட்ஜ் பிரஷால் நெற்றியோரத்தைத் தடவினால் இழைகளைத் தனித்தனியாகத் தேடி எடுக்கும். `Decontaminate Colors` என்ற பெட்டியை டிக் செய்தால், ஓரத்துப் பிக்சல்களில் ஏறிய சுவரின் நிறத்தை நீக்கிப் பக்கத்து முடியின் நிறத்தை நிரப்பும். கறுப்பு முடி, வெள்ளைச் சுவர் என்றால் இது பிரமாதமாக வேலை செய்யும்.

ஆனால் இது நரைத்த முடி. வெள்ளைச் சுவரின் முன்னே வெள்ளை இழைகள். எது முடி, எது சுவர் என்று என் கண்ணுக்கே தெரியாத இடத்தில் மென்பொருள் எதைப் பிரிக்கும்? கருநீலத்தின்மேல் வைத்தபோது நெற்றியைச் சுற்றி வெளிச்ச வளையம் வந்தது. உள்ளே இழுத்தால் பழைய தலைக்கவசம் திரும்ப வந்தது. ஒரு மணி நேரம் போராடிவிட்டு அவரைக் கூப்பிட்டேன்.

"அண்ணே, நீலம் வேண்டாம். லேசான சந்தன நிறமோ வெளிர் சாம்பலோ வச்சுக்கலாமா? அம்மாவோட முடி முடியாவே தெரியும்."

மேலே போட்ட கணக்கையே திரும்பப் பாருங்கள். பழைய சுவர் 240, புதிய பின்னணி 30 என்பதால்தான் ஒவ்வொரு கலப்படப் பிக்சலும் காட்டிக்கொடுத்தது. புதிய பின்னணியும் 210 என்றால் ஓரத்தில் ஒட்டிவந்த சுவர் அதோடு கலந்து போய்விடும். பின்னணியை மேலிருந்து கீழாகச் சற்றே இருட்டிக்கொண்டு வந்து, தலைக்குப் பின்னால் மட்டும் வெளிச்சமாக விட்டேன். நெற்றியோரத்தில் ஐந்தாறு இழைகளை 1 பிக்சல் பிரஷால் கையால் வரைந்து சேர்த்தேன். அச்சாகி வந்ததும் அவர் படத்தை எட்ட வைத்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார். "ஸ்டுடியோவுக்குக் கூட்டிட்டுப் போய் எடுத்த மாதிரி இருக்கு" என்றார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு படத்தைப் பிரித்தெடுக்கும் வேலை வந்தால், கடைக்காரரிடம் வாட்ஸ்அப் படத்தைக் கொடுக்காதீர்கள். மூலப்படம் யார் கைப்பேசியில் இருக்கிறதோ அவரிடமிருந்து 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லி வாங்குங்கள். அப்படி அனுப்பினால் பிக்சல் குறையாது. எத்தனை அங்குலத்தில் அச்சடிக்கப் போகிறீர்கள் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பின்னணி நிறத்தை மட்டும் வெட்டுபவரின் முடிவுக்கு விட்டுவிடுங்கள்.